லைஃப் சர்டிபிகேட்டை வீட்டிலிருந்தே கொடுப்பது: கைரேகை, முகம், வீடியோ மூன்றையும் பார்த்தபின்

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டவேண்டிய லைஃப் சர்டிபிகேட்டை எங்கள் வீட்டில் நான் போடுவது மூன்று பேருக்கு. மாமனார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அம்மா தபால் துறையில் இருந்தவர். அப்பா இறந்தபிறகு அவருடைய மத்திய அரசு வேலைக்கான குடும்ப பென்ஷனும் அம்மாவுக்கு வருகிறது. சித்தப்பா தனியார் ஆலையில் வேலை பார்த்தவர், அவருக்கு இபிஎஃப்ஓ பென்ஷன். மூன்று பேருக்கும் விதிகள் கொஞ்சம் கொஞ்சம் வேறு. இத்தனை வருஷம் இதைச் செய்தபிறகு என் கருத்து இதுதான்: கைரேகையோ முகமோ, அந்தச் சோதனை பெரிய தலைவலி இல்லை. அதற்கு முன்னால் நிரப்புகிற நாலைந்து கட்டங்களில்தான் பென்ஷன் நின்றுபோகிற ஆபத்து இருக்கிறது.

மத்திய அரசு 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற பெயரில் இந்த டிஜிட்டல் சான்றைத் தொடங்கியபோது கைரேகை அல்லது கருவிழிப் பதிவுதான் வழி. அதற்குத் தனிக் கருவி வேண்டும். ஆகவே ஈ-சேவை மையத்துக்கோ வங்கிக்கோ போய்த்தான் ஆகவேண்டும். அம்மாவுக்கு அங்கேதான் சிக்கல். வயதானால் விரல் ரேகை தேய்ந்துவிடும், தோல் வறண்டுவிடும். கருவியில் விரல் வைத்தால் திரையில் 300 என்று ஒரு பிழை எண் வரும். ஆதாரில் பதிந்த ரேகையோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டு, கட்டைவிரலை விட்டு மோதிர விரலை வைத்துப் பார்த்தால் சில சமயம் எடுக்கும். எந்த விரலில் எடுத்தது என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் நேரே அந்த விரலிலேயே ஆரம்பிக்கலாம்.

இதே இடத்தில் 330 என்று வந்தால் கதையே வேறு. ஆதார் பயோமெட்ரிக்கை யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள். மோசடிக்குப் பயந்து பிள்ளைகள் பூட்டிவிட்டு மறந்துபோவது சகஜம். எத்தனை முறை விரலைத் தேய்த்தாலும் பலனில்லை. mAadhaar செயலியிலோ ஆதார் தளத்திலோ பூட்டைத் திறந்தால்தான் வேலை நடக்கும். முகத்துக்கும் இதே பூட்டுதான்.

2021 நவம்பரில் முக அடையாளம் வந்தது. அதிலிருந்து நாங்கள் மையத்துக்குப் போவதில்லை. ஆண்ட்ராய்டு போனில் இரண்டு செயலிகள் வேண்டும். ஒன்று AadhaarFaceRD, இன்னொன்று Jeevan Pramaan. முதலாவதை நிறுவியபின் போனில் அதன் ஐகான் எங்கும் தெரியாது. "டவுன்லோடே ஆகலை" என்று சொல்லித் திரும்பத் திரும்ப பிளே ஸ்டோருக்குப் போகிறவர்கள் நிறைய. அது பின்னணியில் ஓடுகிற சேவை. போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

முதலில் ஆபரேட்டர் பதிவு. அந்த வார்த்தையைப் பார்த்து மிரள வேண்டாம். போனை வைத்து வேலை செய்கிறவர்தான் ஆபரேட்டர், மகளோ பேரனோ யாராக இருந்தாலும் சரி. பென்ஷன்தாரரே தனக்குத் தானே ஆபரேட்டராகவும் இருக்கலாம். ஆபரேட்டருடைய ஆதார் எண், மொபைல் எண், ஓடிபி, பிறகு ஒரு முகப்பதிவு. அந்தப் போனில் இதை ஒருமுறை செய்துவிட்டால் அதன்பின் வீட்டில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

அடுத்தது பென்ஷன்தாரரின் முறை. ஆதாரும் மொபைல் எண்ணும் கொடுத்து ஓடிபி போட்டதும் விவரங்களுக்கான பக்கம் திறக்கும். அதை நிரப்பி அனுப்பியபின்தான் கேமரா வரும். திரையில் ஒரு வட்டம் இருக்கும். முகம் அதற்குள் சரியாக உட்கார்ந்து வெளிச்சமும் போதுமானதாக இருந்தால் அது பச்சையாகும், கண் சிமிட்டச் சொல்லும். ஆள் உயிரோடு எதிரில் இருக்கிறாரா, இல்லை புகைப்படத்தைக் காட்டுகிறார்களா என்று பார்க்கத்தான் அந்தச் சிமிட்டல். மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிமிட்டல் மெதுவாகிவிட்டது. "சிமிட்டுங்க மாமா" என்றால் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, "போதுமாம்மா?" என்பார். இயல்பாகச் சிமிட்டினால் எடுக்கும், மூடியே வைத்திருந்தால் எடுக்காது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டாகி, வட்டம் சிவப்பிலேயே நிற்கும். ஆதார் புகைப்படம் ரொம்பப் பழசாக இருந்து ஆள் அடையாளமே மாறிப் போயிருந்தால், ஒருமுறை ஆதார் மையத்தில் புதுப்பித்துவிடுவது நல்லது.

இனி அந்த விவரப் பக்கத்துக்கு வருகிறேன். அம்மா விஷயத்தையே சொன்னால் புரியும். அவருக்கு இரண்டு பென்ஷன், இரண்டு பிபிஓ எண், அதாவது பென்ஷன் ஆணை எண். ஒரு ஆள், ஒரு ஆதார், ஒரு முகம், ஆகவே ஒரு சான்று போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். போதாது. ஒவ்வொரு பிபிஓவுக்கும் தனித்தனியாகப் போடவேண்டும். முதல் சான்றில் பென்ஷன் வகை சர்வீஸ், வழங்கும் இடம் அஞ்சலகம், அவருடைய சொந்த பிபிஓ எண், அஞ்சலகக் கணக்கு எண். அதை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தமுறை வகை ஃபேமிலி, அனுமதித்த துறை அப்பா வேலை பார்த்த துறை, வழங்கும் இடம் வங்கி, அப்பாவின் பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண். பெயர் மட்டும் இரண்டிலும் அம்மாவுடையது. இரண்டு தடவை முகம் காட்டினால் இரண்டு பிரமாண் ஐடி வரும்.

சர்வீஸ், ஃபேமிலி என்ற இந்த ஒரு தேர்வு மாறிப்போய் அவதிப்பட்ட ஒரு அம்மாளை எனக்குத் தெரியும். கணவருடைய குடும்ப பென்ஷன் வாங்குகிறவர். ஒரு மையத்தில் போட்டுக்கொடுத்தவர் அவசரத்தில் சர்வீஸ் என்று தேர்ந்துவிட்டார். பிரமாண் ஐடியும் வந்தது, எஸ்எம்எஸ்ஸும் வந்தது, அவரும் நிம்மதியாக இருந்தார். டிசம்பர் பென்ஷன் வரவில்லை. வங்கியில் விசாரித்தபோது, வந்த சான்று அவர்கள் பதிவோடு பொருந்தாததால் நிராகரித்துவிட்டதாகச் சொன்னார்கள். மறுபடி சரியாகப் போட்டபின் நின்ற தொகை மொத்தமாக வந்துவிட்டது, பணம் போகவில்லை. ஆனால் மருந்துக்கு அதையே நம்பியிருப்பவருக்கு அந்த இடைவெளி சின்ன விஷயமா?

பிரமாண் ஐடி என்பது, சான்று உருவாகிவிட்டது என்பதற்கான அடையாளம். அதை ஏற்பதும் மறுப்பதும் பென்ஷன் வழங்கும் வங்கியின் அல்லது அஞ்சலகத்தின் கையில். இந்த வித்தியாசத்தைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால் ஐடி வந்தவுடன் jeevanpramaan.gov.in தளத்தில் சான்றை பிடிஎஃப்பாக இறக்கி, பிபிஓ எண்ணையும் மற்ற விவரங்களையும் பென்ஷன் ஆணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சில நாள் கழித்து வங்கிக்கு ஒரு போன். மத்திய அரசு பென்ஷனுக்குச் சான்று கொடுக்கும் மாதம் நவம்பர். அதன் முதல் வாரத்தில் போட்டால் தப்பிருந்தாலும் திருத்த நேரம் இருக்கும். முப்பதாம் தேதி போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண் ரிஸ்க். எண்பது வயது முடிந்த மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் அக்டோபர் 1 முதலே போடலாம். மாமனாருக்கு நான் அக்டோபரிலேயே முடித்துவிடுகிறேன்.

வங்கி இணைப்பு இன்னொரு பொறி. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதாமல், இன்றைய பெயரையும் இன்றைய கணக்கு எண்ணையும் பார்த்துப் போடவேண்டும். அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமணம், மறுவேலை பற்றிய கேள்விகளும் அதே பக்கத்தில் இருக்கும். ஓய்வுக்குப்பின் மறுவேலையில் சேர்ந்தவர்களுக்கும் மறுமணம் செய்தவர்களுக்கும் இந்த டிஜிட்டல் சான்று செல்லாது, காகிதத்தில்தான் கொடுக்கவேண்டும். பொத்தாம்பொதுவாக 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போகிற கேள்விகள் அல்ல அவை.

சித்தப்பாவுக்கு நவம்பர் கணக்கே இல்லை. இபிஎஃப்ஓ பென்ஷனுக்கு எந்த மாதத்திலும் போடலாம், போட்ட நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். ஏப்ரலில் போட்டால் அடுத்த ஏப்ரலுக்குள் மறுபடி. ஊரெல்லாம் நவம்பரில் ஓடுகிறதே என்று காத்திருந்தால் இடையில் பென்ஷன் நின்றுவிடும். தமிழ்நாடு அரசு பென்ஷன்தாரர்களுக்கும் நவம்பர் கிடையாது. கருவூலத்தின் வருடாந்திர நேர்காணல் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தை ஒட்டி நடக்கிறது.

வீடியோ வழி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது ஜீவன் பிரமாணின் பகுதி இல்லை, வங்கி தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தனி வசதி. ஸ்டேட் வங்கி 2021 நவம்பரில் கொண்டுவந்தது. மாமனாரின் கணக்கு அங்கே என்பதால் ஒரு வருஷம் அதையும் முயன்று பார்த்தோம். வங்கியின் பென்ஷன் சேவா தளத்தில் வீடியோ எல்சி என்பதைத் தேர்ந்து, பென்ஷன் கணக்கு எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். உறுதிமொழிகளை டிக் செய்தபின் வங்கி அலுவலர் ஒருவர் வீடியோவில் வருவார். திரையில் தெரியும் நான்கு இலக்க எண்ணை பென்ஷன்தாரர் வாய்விட்டுப் படிக்கவேண்டும், அசல் பான் கார்டைக் காட்டவேண்டும், கடைசியில் ஒரு புகைப்படம் எடுப்பார்கள். பேச்சு முழுக்கப் பதிவாகும். விரலும் முகமும் ஒத்துழைக்காதவர்களுக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கும். எதிரில் இருப்பது மனிதர், மெதுவாகப் பேசினாலும் காத்திருப்பார். ஆனால் காது மந்தமானவருக்குக் கஷ்டம். பான் கார்டு இல்லாதவருக்கு வழியே இல்லை. மாமனாருக்கு முகமே சுலபமாக இருந்ததால் நாங்கள் அதற்கே திரும்பிவிட்டோம்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, வீட்டில் இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், தபால்காரரைக் கூப்பிடுங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக அவரே கருவியோடு வீட்டுக்கு வந்து போட்டுத்தருவார். 70 ரூபாய் கட்டணம், அந்த வங்கியில் கணக்கு இருக்கவேண்டிய அவசியமில்லை. வரும்போது பிபிஓ நகலையும் இன்றைய பாஸ்புக்கையும் எடுத்து வையுங்கள். அவர் தட்டும்போது சர்வீஸா ஃபேமிலியா என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.