கன்சல்டன்சி தரும் ஒரு பக்கச் சுருக்கத்தை நம்பி ஆள் எடுக்கிறவர்களுக்கு

எங்கள் குழுவுக்கு டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவைப்பட்டார். பழைய சர்வரில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றும் மைக்ரேஷன் வேலையை முன்னின்று நடத்த வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு கன்சல்டன்சியிடம் சொன்னோம். அவர்கள் ஒவ்வொருவரின் ரெஸ்யூமையும் அனுபவம், திறன்கள், குறைகள் என்று ஒரு பக்கத்தில் சுருக்கி அனுப்பினார்கள். மூல ரெஸ்யூமும் இணைப்பில் இருந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை. நேர்காணலிலும் சுருக்கத்தில் இருந்ததை உண்மை என்று எடுத்துக்கொண்டு மற்றதைத்தான் கேட்டேன்.

தேர்வான பெண் சேர்ந்து மூன்றாவது வாரம், மைக்ரேஷனுக்குத் திட்டம் போட்டுத் தரச் சொன்னேன். அவர் தயங்கினார். "சார், நான் மைக்ரேஷனை நடத்தியதில்லை. டேபிள்கள் மாறிய பிறகு இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக் கொடுத்தேன். ரெஸ்யூமில் அப்படித்தானே எழுதியிருக்கிறேன்?" என்றார்.

அன்றுதான் மூலத்தைத் திறந்தேன். "மைக்ரேஷன் குழுவுக்குத் தரவுச் சரிபார்ப்பில் உதவினேன்" என்று அவர் எழுதியிருந்தார். சுருக்கத்தில் அது "மைக்ரேஷனைத் தலைமையேற்று நடத்தியவர்" ஆகியிருந்தது. ஒரே ஒரு வினைச்சொல்தான் மாறியிருக்கிறது. ஆனால் நான் ஆள் எடுத்ததே அந்த வினைச்சொல்லுக்காகத்தான்.

அப்புறம் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். "7 ஆண்டு அனுபவம்" என்று போட்டிருந்தார்கள். ரெஸ்யூமில் இருந்த தேதிகள் இவை: 2016 ஜூன் முதல் 2018 மே வரை டெஸ்டிங் வேலை, 24 மாதம். 2018 ஜனவரி முதல் டிசம்பர் வரை பகுதிநேர வேலை, 12 மாதம். 2020 மார்ச் முதல் 2023 பிப்ரவரி வரை டேட்டாபேஸ் குழுவில் 36 மாதம். முதல் வேலையும் பகுதிநேர வேலையும் 5 மாதம் ஒன்றாக ஓடியிருக்கின்றன, அதை இரண்டு முறை எண்ணக் கூடாது. கழித்தால் மொத்தம் 67 மாதம், அதாவது 5 ஆண்டு 7 மாதம். எங்களுக்குத் தேவையான வேலையில் மூன்றே ஆண்டு. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் இருந்த 81 மாதத்தையும் அப்படியே எடுத்து, முழு எண்ணாக ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அதில் 2019 ஜனவரி முதல் 2020 பிப்ரவரி வரை 14 மாத இடைவெளியும் மறைந்துபோனது. இடைவெளி இருப்பது குற்றமே இல்லை. நேரில் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். கேட்கும் வாய்ப்பைத்தான் சுருக்கம் பறித்துவிட்டது.

திறன்களில் "போஸ்ட்கிரஸ் வல்லுநர்" என்று இருந்தது. மூலத்தில் கடைசிப் பக்கப் பட்டியலில் அந்தப் பெயர் மட்டும் இருக்கிறது, எந்த வேலையில் பயன்படுத்தினார் என்று ஒரு வரிகூட இல்லை. அப்படியென்றால் "பட்டியலில் உள்ளது, எந்த வேலையிலும் குறிப்பிடப்படவில்லை" என்றுதான் எழுத வேண்டும். வல்லுநர் என்ற சொல் அந்தப் பெண்ணுடையது அல்ல. பாவம், அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தான் எழுதாத ஒன்றுக்காக இரண்டு மாதம் தலைகுனிந்து வேலை பார்த்துவிட்டு, தானாகவே விலகிப் போனார். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

இப்போது யார் சுருக்கம் அனுப்பினாலும் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். "நடத்தினார்", "உருவாக்கினார்", "நிர்வகித்தார்" என்று வரும் இடங்களில் மூலத்தில் என்ன வினை இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். வல்லுநர், சிறந்த, ஆழ்ந்த போன்ற அடைமொழிகள் ரெஸ்யூமில் இல்லையென்றால் அடித்துவிடுகிறேன். ஆண்டுக் கணக்கை மாதமாக நானே கூட்டுகிறேன். ஒரு ரெஸ்யூமுக்குக் கால் மணி நேரம்கூட ஆவதில்லை.

குறைகள் பகுதியையும் இப்படியே பார்க்க வேண்டும், அங்கேயும் இட்டுக்கட்டுகிறார்கள். அதே சுற்றில் வந்த இன்னொருவரின் சுருக்கத்தில் "பேக்கப் தெரியாது" என்று போட்டிருந்ததால் அவரை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. அவருடைய ரெஸ்யூமைப் பிறகு தேடிப் படித்தேன். பேக்கப் பற்றி அதில் எதுவுமே இல்லை, அவ்வளவுதான். "ரெஸ்யூமில் குறிப்பிடவில்லை, கேட்டறியவும்" என்று எழுதியிருந்தால் கூப்பிட்டிருப்பேன். அந்தப் பெண் போன பிறகு அவருக்கு ஃபோன் செய்தேன். பேக்கப் எடுப்பதும் அதைத் திருப்பி ஏற்றிப் பார்ப்பதும் தினசரி வேலை என்பதால் தனியாக எழுதவில்லை என்றார். அதற்குள் அவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார்.