படத்தில் வாடிய செடியை மாற்ற: இலையோரம் வெட்டுவதா, நிழலோடு எடுப்பதா?

பெங்களூரு அல்சூரில் ஒரு மொட்டைமாடித் தோட்டம். காலை 8 மணிப் படத்தில் செண்டுமல்லி வாடியிருக்கிறது. தண்ணீர் ஊற்றியபின் மறுநாள் அதே நேரம், அதே இடத்திலிருந்து எடுத்த படத்தில் நிமிர்ந்து நிற்கிறது. முதல் படத்தில் வாடிய செடிக்குப் பதில் இந்த நிமிர்ந்த செடியை Photoshop-இல் வைக்க வேண்டும்.

இலையோரமாக வெட்டி ஒட்டினால், சுவரில் வாடிய செடியின் நிழல் அப்படியே தங்கிவிடும். இலை விளிம்பில் பழைய பின்னணி நிறமும் கோடாகத் தெரியும். பின்னணி வேறாக இருந்தால் மட்டுமே இந்த வழி.

இங்கே தொட்டி, மண், நிழல் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பதே மேல். இரண்டு லேயரையும் Auto-Align Layers கொண்டு பொருத்துங்கள். லேயர் மாஸ்க்கின் ஓரம் வெறும் சுவரில் விழட்டும், பிரஷ் மென்மையாக இருக்கட்டும். வெளிச்சத்தை இலையைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள், செழித்த இலையின் நிறமே வேறு. சுவரைப் பார்த்து Curves மாற்றுங்கள். ஆனால் ஒரு மணி நேரம் தள்ளி எடுத்த படம் உதவாது. சூரியன் அதற்குள் 15 டிகிரி நகர்ந்துவிடும், மாஸ்க் ஓரத்தில் நிழல் முறிந்து காட்டிக்கொடுக்கும்.