1-0-0: கும்பகோணத்தில் அம்மாவின் தைராய்டு மாத்திரை

ஜனவரியில் டொராண்டோவிலிருந்து கும்பகோணம் போனபோது, அம்மாவின் தைராய்டுக் கணக்கைத் தீர்ப்பது என் பட்டியலிலேயே இல்லை. போன மறுநாள் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டியபோதுதான் உறைத்தது. ஒரு வருஷத்துக்குள் மாத்திரை 50 மைக்ரோகிராமிலிருந்து 75, அப்புறம் 100 என்று ஏறியிருக்கிறது. அப்படியும் அம்மாவுக்கு அசதி, மலச்சிக்கல், முடி கொட்டல் எதுவும் குறையவில்லை.

லேபுக்கு போன் செய்தால் காலை ஆறரைக்கே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறார்கள். மதியமே வாட்ஸ்அப்பில் முடிவு. கனடாவில் எனக்கு இப்படி நடந்ததில்லை. வந்த பையன், "மாத்திரை போட்டாச்சாம்மா? தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு அப்புறம் போடுங்க" என்றான். நல்லவேளை, அம்மா அன்று இன்னும் போட்டிருக்கவில்லை.

டி.எஸ்.எச். 9.8. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால், 'இன்னும் சுர' என்று மூளையடியிலிருந்து வரும் விரட்டல்தான் இது. பொதுவாக நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டும். அடுத்து 125 எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனோம்.

இந்த முறை வேறு டாக்டர். எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "எப்பம்மா போட்டுக்கிறீங்க?"

"காலையில எழுந்ததும், வெறும் வயித்துலதான் டாக்டர்."

"எதோட முழுங்குறீங்க?"

"காபியோடதான்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. டிகாக்ஷனும் கெட்டிப் பாலும் உள்ளே போன பிறகும் வயிறு 'வெறும் வயிறு'தான். ஆனால் காபி இந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது, கறுப்புக் காபியும் அப்படித்தான். பால் சேர்ந்தால் அதிலுள்ள கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும்.

அடுத்து மருந்துக் கவரைக் கொட்டச் சொன்னார். அதில் அம்மாவின் கால்சியம் மாத்திரை, ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை இரண்டும் இருந்தன. மருந்துக் கடையில் மூன்றின் மேலும் பேனாவால் ஒரே மாதிரி 1-0-0 என்று எழுதியிருந்தார்கள். காலையில் ஒன்று, மதியமும் இரவும் இல்லை என்று அர்த்தம். அம்மா அதன்படியே இட்லி முடிந்த கையோடு இரண்டையும் போட்டுவிடுவாள். கால்சியமும் இரும்பும் குடலில் தைராய்டு மருந்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மருந்து ரத்தத்துக்குள் போகாமல் அப்படியே வெளியேறும். அதனால்தான் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். மாத்திரை 100 என்றாலும் அம்மாவின் ரத்தத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ!

டாக்டர் அளவைக் கூட்டவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினார். காலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. ஆறு மணிக்குக் காபி. கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்பு இரவில். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அம்மா வக்கீல் மாதிரி வாதாடினாள். அரை மணியாவது கட்டாயம், ஒரு மணி என்றால் நல்லது என்று முடித்தார். நெஞ்சு எரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி எதுவும் குடித்தால் அதற்கும் இதே நாலு மணி நேரம்தானாம்.

கிளம்பும்போது அவர் சொன்னதை நான் யோசித்தே இருக்கவில்லை. இனி 100 முழுசாக உள்ளே போனால் அது அம்மாவுக்கு அதிகமாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் உடனே வர வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், டி.எஸ்.எச். அதைவிட மெதுவாகத்தான் இறங்கும்.

நானும் இதே மாத்திரைக்காரிதான். பத்தரை மணி நேர வித்தியாசத்தில் எப்போது போடுவது என்று குழம்பியிருந்தேன். அதே ஒரு வாரக் கணக்கால், சில மணி நேரம் முன்பின்னானால் பாதகமில்லை என்றார். காலையில் விருந்து, கோயில் என்று அலைந்ததால் இரவுக்கு மாற்றிக்கொண்டேன். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போட வேண்டும், கூடவே படுக்கும் நேரப் பால் கூடாது. அத்தை நீட்டிய மசாலாப் பாலை மறுத்ததற்கு இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

டொராண்டோ திரும்பிய பிறகு, ஏழாவது வாரம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். 0.2. டாக்டர் பயந்த மாதிரியே அளவு மிஞ்சிவிட்டது. மறுபடி 75-க்கு இறக்கி, இன்னும் ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அம்மா போனில், "ஏண்டி, மாத்திரை குறைஞ்சிடுச்சே, காபியை அஞ்சரைக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.