டிவியில் பேப்பர் படிக்கலாம் என்று விற்றார்கள்: வாங்கும் முன் அந்த பிரவுசரின் எண்ணைப் பாருங்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் யாராவது வீட்டுப் பெரியவர்கள் செய்தி படிப்பதற்காக ஸ்மார்ட் டிவி வாங்கும் யோசனையில் இருந்தால், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு டிவியோடு சேர்த்து ஒரு பொய்யையும் விற்றார்கள். அதைச் சரிசெய்ய வந்தவர் இன்னொரு பொய்யைச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது பொய் எல்லாத் தெருவிலும் நடக்கிறது என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் படிக்காமல் அவருக்குப் பொழுது விடியாது. கண்புரை அறுவைக்குப் பிறகும் பொடி எழுத்து சரியாகத் தெரியவில்லை, போன் திரையில் படிக்கவே முடியவில்லை. பெரிய திரையில் பெரிய எழுத்தாகப் படிக்கட்டும் என்று ஆடித் தள்ளுபடியில் 43 இஞ்ச் டிவி பார்க்கப் போனோம். எதற்காக வாங்குகிறோம் என்று கடையில் தெளிவாகச் சொன்னேன். விற்பனையாளர் தம்பி தயங்கவே இல்லை. "அக்கா, இதுல பிரவுசர் உள்ளயே இருக்கு. பேப்பரு, வாட்ஸப்புல வர்ற லிங்க்கு எல்லாமே ஓபன் ஆவும். ஐயா சோபால உக்காந்துக்கினே படிக்கலாம்" என்றார். கூகுளைத் திறந்து 'சென்னை மழை' என்று தேடியும் காட்டினார். பளிச்சென்று வந்தது.

வீட்டுக்கு வந்து அப்பா வழக்கமாகப் படிக்கும் நாளிதழின் தளத்தைத் திறந்தோம். தலைப்புகள் வந்தன. படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள். 'மேலும் வாசிக்க' என்பதை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. இன்னொரு செய்தித் தளம் வெறும் வெள்ளைத் திரையாக நின்றது. மேலே ஓடும் கோடு முழுதாக ஓடி முடிந்துவிட்டது, பக்கம் வந்துவிட்டதாகவே டிவி நினைக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. என் தங்கை வாட்ஸப்பில் அனுப்பும் லிங்க்கை டிவிக்குக் கொண்டுவரவே வழியில்லை. வாட்ஸப் வெப் திறந்தால் புதிய பிரவுசர் கேட்கிறது. ஒரே வழி, முகவரியை ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது. செய்தித் தளங்களின் முகவரிகள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும்.

கடைக்குப் போன் செய்தேன். "உங்க நெட்டு ஸ்லோவா இருக்கும்கா, பிளானை ஏத்துங்க" என்றார்கள். அதே டிவியில் அதே நேரத்தில் யூடியூப் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நெட் மெதுவாக இருந்தால் பக்கம் தாமதமாக வரும், ஆனால் வந்து சேரும். பக்கம் 'முடிந்துவிட்டது' என்று காட்டிவிட்டு வெறுமையாக நின்றால் அது நெட்டின் கோளாறு இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தாலே பிளானை ஏற்றும் செலவு மிச்சம்.

விடாமல் கேட்ட பிறகு கடையிலிருந்தே ஒரு சர்வீஸ் ஆளை அனுப்பினார்கள். பார்த்த உடனே "சாப்ட்வேர் அப்டேட் போடணும், பிரவுசர் புதுசாயிடும்" என்று 1,200 ரூபாய் கேட்டார். அப்பா, "போடு தம்பி, படிக்க வந்தா சரி" என்று கொடுத்துவிட்டார். அவர் செய்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். செட்டிங்ஸில் போய் டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்தார், அவ்வளவுதான். நாங்கள் போட்டு வைத்த லாகின்கள் எல்லாம் போய்விட்டன. வெள்ளைத் திரை மட்டும் அப்படியே இருந்தது.

என் அக்கா மகன் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவன் ரிமோட்டை வாங்கி whatismybrowser.com என்ற தளத்தைத் திறந்தான். எந்த பிரவுசரில் இருந்து பார்க்கிறோமோ அதன் அடையாள வரியை அது அப்படியே காட்டும். நீளமான அந்த வரிக்குள் அவன் விரல் வைத்துக் காட்டிய இடம் இது:

```
Chrome/68.0.3440.106
```

"சித்தி, இந்த 68ங்கிறதுதான் பக்கத்தை வரைஞ்சு காட்டுற, பிரவுசர் உள்ளே இருக்கிற இன்ஜினோட வயசு. குரோம் 68 வந்தது 2018 ஜூலையில" என்றான். டிவி பெட்டியின் மேல் இருந்த உற்பத்தி மாதமோ நாங்கள் வாங்கிய வருடத்தையே காட்டியது. அது உண்மைதான். ஆனால் பெட்டி எப்போது தயாரானது என்பது வேறு, மாடல் எந்த வருடத்தது என்பது வேறு. பழைய மாடலைப் புதிதாகத் தயாரித்து விற்கலாம். மாடலோடு வந்த பிரவுசர் இன்ஜின் அதோடு அப்படியே இருக்கும்.

போனில் இருக்கும் குரோம் தனி ஆப். பிளே ஸ்டோர் வழியாகச் சில வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கும். எங்கள் டிவி போன்றவற்றில் பிரவுசர் தனி ஆப் இல்லை, டிவியையே இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் சாப்ட்வேருக்குள் பதிந்த ஒரு பகுதி. அதை மட்டும் தனியாகப் புதுப்பிக்க முடியாது. நிறுவனம் வழக்கமாக அனுப்பும் அப்டேட்டுகள் ரிமோட், சத்தம், ஆப் கடை போன்றவற்றில் இருக்கும் குறைகளைச் சரிசெய்யும், இன்ஜினின் எண்ணை மாற்றுவது அரிது. சில நிறுவனங்கள் இப்போது சில மாடல்களுக்கு முழு ஓஎஸ் மேம்படுத்தலே தருகின்றன. அப்போது இன்ஜினும் மாறும். ஆனால் அது நெட் வழியாக இலவசமாக வருவது, வீட்டுக்கு வந்து காசு வாங்கிக்கொண்டு யாரும் போட்டுத் தருவதில்லை. சர்வீஸ் ஆள் வந்துபோன பிறகும் எங்கள் எண் 68 தான். செட்டிங்ஸில் 'சாப்ட்வேர் வெர்ஷன்' என்று இருக்கும் வரியும் மாறவில்லை. யாராவது அப்டேட் போடுகிறேன் என்றால், தொடுவதற்கு முன் இந்த இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சரி, எண் பழையதாக இருந்தால் பக்கம் ஏன் வெறுமையாகிறது? அக்கா மகன் தன் லேப்டாப்பில் அந்தச் செய்தித் தளத்தின் ஸ்கிரிப்ட்டை, அதாவது பக்கத்தை இயக்கும் கட்டளைகள் அடங்கிய கோப்பை, திறந்து காட்டினான். அதில் இப்படி ஒரு எழுத்துமுறை வருகிறது:

```
news?.title
```

கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த இந்த வடிவத்தை குரோம் 80-இலிருந்துதான், அதாவது 2020 பிப்ரவரியிலிருந்துதான், இன்ஜின் புரிந்துகொள்கிறது. 68-க்கு இது பிழையான எழுத்து. அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே போகவும் அதற்குத் தெரியாது, அந்த ஸ்கிரிப்ட் கோப்பு முழுவதையும் ஓட்டாமல் நிறுத்திவிடும். படத்தை வரவழைப்பதும் 'மேலும் வாசிக்க' பொத்தானை இயக்குவதும் அந்தக் கோப்பின் வேலை என்பதால் முதல் தளத்தில் அவை இரண்டும் செத்துப்போயின. இரண்டாவது தளம் தலைப்பு முதற்கொண்டு எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட்டாலேயே வரைகிறது. அதனால் அங்கே வெள்ளைத் திரை மட்டுமே மிஞ்சியது.

கடையில் கூகுள் மட்டும் எப்படி வந்தது என்றால், தேடல் பக்கம் பழைய பிரவுசர்களிலும் ஓடும்படி எளிமையாகக் கிடைக்கும். கடைக்காரர்கள் எப்போதும் அதைத்தான் திறந்து காட்டுகிறார்கள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, டிவியை அதில் இணைக்கச் சொல்லி, உங்கள் வீட்டில் தினம் படிக்கும் தளத்தையே திறக்கச் சொல்லுங்கள். ஒரு செய்திக்குள் போய்ப் படம் வருகிறதா, கீழே இறங்கி அடுத்த செய்தி திறக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த எண்ணைப் பாருங்கள். இன்றைக்கு நூறுக்கும் கீழே இருந்தால், படிப்பதற்காக அந்த டிவியை நான் வாங்க மாட்டேன்.

கூகுள் டிவி வகை கொஞ்சம் வேறு. அதில் குரோம் வருவதே இல்லை, டிவியின் பிளே ஸ்டோரிலும் சாதாரணமாகக் காட்டாது. வேறு ஏதாவது பிரவுசரை ஏற்றித் தருவார்கள். பக்கத்தைக் காட்டும் வெப்வியூ என்ற பகுதி அங்கே பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படக்கூடியது என்பதால் எண் ஓரளவு புதிதாக இருக்கும். அங்கேயும் whatismybrowser.com தளத்தில் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பழைய இன்ஜின் என்றால் அதற்குப் பின் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாமலே இருக்கின்றன என்று அர்த்தம். அப்பா ஒருநாள் எதையோ அழுத்த, 'உங்கள் டிவியில் வைரஸ்' என்று ஒரு எண்ணோடு முழுத்திரை அறிவிப்பு வந்தது. அது வெறும் விளம்பரப் பக்கம். ரிமோட்டின் பேக் பொத்தானோ ஹோம் பொத்தானோ அழுத்தினால் போய்விடும், அந்த எண்ணுக்குப் பேசக் கூடாது. வங்கி, மின் கட்டணம், ஓடிபி கேட்கும் எதையும் டிவி பிரவுசரில் திறக்காதீர்கள். 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தால் முதலில் டிவியின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா பாருங்கள். அது தப்பாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை வரும். தேதி சரியாக இருந்தும் வருகிறது என்றால் 'தொடர்க' என்பதை அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது அப்பா அதே டிவியில்தான் படிக்கிறார், டிவியின் பிரவுசரில் இல்லை. வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் மாட்டி, கையில் ஒரு வயர்லெஸ் மவுஸ் கொடுத்திருக்கிறோம். கன்ட்ரோலையும் பிளஸையும் சேர்த்து அழுத்தி எழுத்தை 175 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்தாயிற்று. டிவி வெறும் திரை மட்டும், பக்கத்தைத் திறப்பது லேப்டாப்பின் புதிய குரோம். லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால் அதற்கு குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, அதனால் குறைந்தது விண்டோஸ் 10 இருக்கட்டும். லேப்டாப் இல்லாத வீட்டில் போன் திரையை டிவிக்கு அனுப்பும் வசதி போதும். போனைக் குறுக்காகத் திருப்பினால் திரை நிறையும், வாட்ஸப் லிங்க்கும் போனிலேயே தட்டித் திறந்துவிடலாம், ரிமோட்டில் ஓர் எழுத்தும் அடிக்க வேண்டாம்.

கடையை நான் விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பில், சர்வீஸ் ரசீது, மாறாத 68-இன் படம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். ரசீதில் 'சாப்ட்வேர் அப்டேட்' என்று அந்த ஆளே எழுதியிருந்தது கை கொடுத்தது. 1,200 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டார்கள். டிவியை மட்டும் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள், 'எல்லா லிங்க்கும் திறக்கும்' என்று சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையாம். வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் வாங்கும்போது 'இந்தத் தளம் டிவி பிரவுசரில் முழுமையாக வேலை செய்யும்' என்று தளத்தின் பெயரோடு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.