பிரிவுப் பாட்டின் பல்லவி: 'நீ'யா, 'நாம்'ஆ?

கசப்பில்லாத பிரிவுப் பாட்டு எழுத உட்காரும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

நீ: "குடையை மறந்தாய், என்னையும் மறந்தாய்."
நாம்: "ஒரே குடையில் நனைந்தோம், மழை நின்றதும் பிரிந்தோம்."

கசப்பு: முதல் வரியில் குற்றப்பத்திரிகை வாசனை. 'நாம்' கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது, பழி பாதியாகிறது. 'நாங்கள்' என்று எழுதிவிடாதீர்கள். பிரிந்தவர் அந்த நிமிடமே வெளியாள் ஆகிவிடுவார்.

பாடும்போது: இதைப் பலர் கவனிப்பதில்லை. 'ஆய்' வாயைத் திறந்தே வைக்கிறது. உச்ச சுரத்தில் நீட்டினால் கத்தல் போலக் கேட்கும். 'ஓம்' உதடு மூடி முனகலாக முடிகிறது. இயைபு இரண்டிலும் சுலபம்.

உண்மை: இங்கே 'நீ' ஜெயிக்கிறது. நாலு வரிக்கும் 'நாம்' போட்டால் யார் என்ன செய்தார்கள் என்றே தெரியாமல், பாட்டு வழவழவென்று ஆகிவிடும். குடை மாதிரி ஒரு பொருள் இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

'நீ'யைக் கசக்காமல் வைக்க ஒரு வழி உண்டு. கொடுத்ததற்கு 'நீ', தவறியதற்கு 'நான்':

"நீ தந்த குடை கதவோரம்,
நான் தராத பதில் நெஞ்சோரம்."

இருவருமே பேசி முடிவெடுத்த பிரிவு என்றால் 'நாம்' போதும். ஒருவர் மட்டும் விலகியிருந்தால், பல்லவிக்கு 'நாம்', சரணத்துக்கு இந்த 'நீ'. தலைகீழாக வைத்தால், திரும்பத் திரும்ப வரும் பல்லவியில் குற்றச்சாட்டும் திரும்பத் திரும்ப வரும்.