0.1% ரெசிஸ்டர் என்று சொல்லி 1,850 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

எலக்ட்ரானிக்ஸ் உதிரி பாகங்களை ஆன்லைனில் விற்கும் கடை அது. பெயர் வேண்டாம். அங்கே 0.1% மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், அதாவது சொன்ன மதிப்பிலிருந்து 0.1%-க்கு மேல் விலகாதது, 20 கிலோ ஓம், நூறு எண்ணம் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது 1% கூடத் தேறாத சரக்கு. எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தேவைப்பட்டது 8 பிட் ஆர்-2ஆர் ஏணி: டிஜிட்டல் எண்ணை வோல்டேஜாக மாற்றும் ரெசிஸ்டர் வரிசை, அதில் ஆர் ஒரு மதிப்பு, 2ஆர் அதன் இரு மடங்கு. மைக்ரோகன்ட்ரோலரின் எட்டு பின்களிலிருந்து எட்டு 2ஆர், அவற்றை இணைக்க நடுவில் ஆர், கடைசியில் ஒரு 2ஆர் கிரவுண்டுக்கு. 20 கிலோவை அப்படியே 2ஆர் ஆகவும், இரண்டை பேரலலில் போட்டு ஆர் ஆகவும் வைத்தால் ஒரே மதிப்பில் வேலை முடிந்துவிடும். இதற்கு 20 கிலோ என்பது துல்லியமாக 20 கிலோவாக இருக்க வேண்டும் என்றில்லை. எல்லாமே 2% கூடியிருந்தாலும் வோல்டேஜ் மாறாது. ஒன்றுக்கொன்று சமமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இதைக் கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் விளக்கியே கேட்டேன். "சார், காலேஜ் லேப்ல எல்லாம் நம்மகிட்டதான் எடுக்குறாங்க, கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றார். கூடவே மல்டிமீட்டரில் 19.99 காட்டும் படம் ஒன்று. அந்தப் படத்தை நம்பித்தான் 1,850 ரூபாயை யூபிஐயில் நேராக அனுப்பினேன்.

பாக்கெட் வந்தது. கடைசி வளையம் ஊதாவா பழுப்பா என்று வெயிலில் பிடித்தாலும் தெரியவில்லை. ஊதா என்றால் 0.1%, பழுப்பு என்றால் 1%. சரி, ஏணியைக் கட்டி 0 முதல் 255 வரை எண்ண விட்டேன். ஆசிலோஸ்கோப்பில் ரம்பப் பல் நேராக ஏறிக்கொண்டே வந்து, சரியாகப் பாதியில் ஒரு படி கீழே சறுக்கிவிட்டு மறுபடி ஏறியது.

சறுக்கல் பாதியில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 127-லிருந்து 128-க்குப் போகும்போது கீழ் ஏழு பிட்டும் ஒன்றாக அணைந்து, மேல் பிட் தனியாக எரிகிறது. அது தனியாகத் தரும் வோல்டேஜ், மற்ற ஏழும் சேர்ந்து தருவதைவிட ஒரே ஒரு படி அதிகமாக இருக்க வேண்டும். 5 வோல்ட்டில் அந்தப் படி 19.5 மில்லிவோல்ட்தான். மேல் பிட்டின் 2ஆரைக் கழற்றி அளந்தேன்: 20.60 கிலோ, 3% கூடுதல். மற்றவை எல்லாம் சுத்தம் என்று வைத்துக்கொண்டாலும் 127-க்கு 2.517 வோல்ட், 128-க்கு 2.463 வோல்ட் வரும். ஏற வேண்டிய இடத்தில் 54 மில்லிவோல்ட் இறக்கம். இதே 3% பிழை அடிப் பிட்டின் ரெசிஸ்டரில் இருந்தால் வெளியில் ஒரு மில்லிவோல்ட் கூட அசையாது. 8 பிட்டுக்கு மேல் பிட்டின் ரெசிஸ்டர் சுமார் 0.79%-க்கு மேல் கூடினாலே இப்படி இறங்கும். சாதாரண 1% ரெசிஸ்டரே ஆபத்து என்றுதானே 1,850 கொடுத்தேன்!

கேட்டால், "உங்க மீட்டர் சரியில்ல சார்." மீட்டர் கொஞ்சம் தப்பாகவே காட்டட்டும். ஒரே ரேஞ்சில் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதானே தப்பாகக் காட்டும்? ஒரே பாக்கெட்டில் ஒன்று 19.42, இன்னொன்று 20.60 எப்படி வரும்? அதற்குப் பதில் இல்லை. அடுத்த நாள், "சோல்டர் சூட்டுல மாறியிருக்கும்." சோல்டரே படாத ஒன்றை எடுத்து, இரும்பைப் பக்கத்தில் காட்டினேன். மீட்டரில் முந்நூறு ஓமுக்கு மேல் விறுவிறுவென்று இறங்கியது, ஆறியதும் திரும்ப ஏறியது. நல்ல 0.1% மெட்டல் ஃபிலிம் அந்தச் சூட்டுக்கு இருபது முப்பது ஓம் நகர்ந்தாலே பெரிது. சூடேறினால் இப்படி இறங்குவது கார்பன் ஃபிலிம். நீலப் பெயின்ட் அடித்த கார்பன்! வீடியோ அனுப்பினேன். "பாக்கெட் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல சார்." அப்புறம் நீல டிக் கூட விழவில்லை. 1,850 ரூபாய் போயே போச்சு.

வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. தயாரிப்பாளரின் லேபிளும் பார்ட் நம்பரும் ஒட்டிய பாக்கெட் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். மீட்டர் படத்தை நம்பாதீர்கள், நூறில் நல்ல ஒன்றைப் பொறுக்கி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? வந்ததும் பத்தை அளந்து பாருங்கள், ஒன்றைச் சூடு காட்டிப் பாருங்கள். யூபிஐயில் நேராக அனுப்பவே வேண்டாம். அவசரமாக ஏணி வேண்டுமென்றால் சாதாரண 1% நூறு வாங்கி, ஒரே மீட்டரில் அளந்து, ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றை மேல் மூன்று பிட்டுக்கும் அவற்றின் நடுவில் வரும் ஆருக்கும் போடுங்கள். மிச்சத்தைக் கீழே தள்ளுங்கள். நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.