கீலிங் வளைவைக் குரலில் சொல்வது: எண்ணா, வடிவமா, போக்கா?

ஸ்லைடில் கீலிங் வளைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்துவரும் கரியமில வாயுவின் வரைபடம் அது. இதற்குப் பின்னணிக் குரல் எழுத மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எண்களை அப்படியே வாசிப்பது: "1960-இல் 317, 1970-இல் 326, 1980-இல் 339..." என்று 2020-இன் 414 வரை. தாளில் சின்னதாகத்தான் தெரியும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் முந்நூற்றுப் பதினேழு". தமிழில் எண்கள் நீளமானவை. ஏழு ஜோடிகளைச் சொல்லி முடிக்க அரை நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். நான்காவது எண் வரும்போது முதல் எண் கேட்பவருக்கு மறந்திருக்கும்.

இரண்டாவது, வடிவத்தை மட்டும் சொல்வது: "கோடு ஏறிக்கொண்டே போகிறது." காதுக்குச் சுகம்தான், பொய்யும் இல்லை. ஆனால் எவ்வளவு ஏறியது, ஒரே வேகத்தில் ஏறியதா என்பது தெரியாது. கோட்டில் இருக்கும் ரம்பப் பற்கள் என்ன என்று பார்ப்பவர் குழம்பும்போது குரல் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருக்கும்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு:

"காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு எத்தனை பங்கு என்பதை இந்தக் கோடு காட்டுகிறது. ஆண்டுதோறும் மே மாதம் உச்சத்துக்குப் போய், வடகோளச் செடிகள் கோடையில் வாயுவை இழுத்துக்கொள்வதால் செப்டம்பர் வாக்கில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் இந்தப் பற்கள். ஆனால் ஒவ்வோர் உச்சமும் முந்தையதைவிட உயரம். 1960-களில் பத்தாண்டுக்கு 9 பங்கு கூடியது, 2010-களில் 24. ஏற்றமே வேகமெடுக்கிறது."

இதில் வாயுவின் அளவைச் சொல்லும் எண்கள் இரண்டுதான். அவையும் வரைபடத்தில் நேராக எழுதியிருப்பவை அல்ல, கழித்துப் பார்த்து எடுத்தவை. ஸ்லைடு முன்னால் இல்லாமல் கேட்பவருக்கும் இது புரியும்.

சரி, இதிலும் ஒரு குழி உண்டு. இந்தப் படத்தின் செங்குத்து அச்சு பெரும்பாலும் 310-ஐ ஒட்டித் தொடங்கும், பூஜ்யத்தில் அல்ல. படத்தை நம்பி "பல மடங்கு உயர்ந்தது" என்று எழுதிவிட்டால் தவறு. 317-இலிருந்து 414 என்பது சுமார் 30 சதவீதம். அதனால் எழுதும் முன் அச்சைப் பார்ப்பேன். அப்புறம், ஸ்லைடைக் காட்டாமல் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, கோட்டை வரையச் சொல்வேன். மேல்நோக்கி வளையாமல் நேர்கோடு வரைந்தால், வேகம் கூடுவதை நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

படத்தில் இரண்டே பட்டைகள் இருந்தால் இத்தனை பாடு வேண்டாம், முதல் வழியே போதும்.